குக்கரைத் திட்டும் அம்மா

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. அக்காவின் குரலைத் தங்கள் சொந்தக் காதால் கேட்டவர்கள் சொன்னதை வைத்துத்தான் இது எழுதப்பட்டிருக்கிறது. நம்பிக்கை வராதவர்கள் இந்த வரியோடு எழுந்து போய்த் தங்கள் வேலையைப் பார்க்கலாம். யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

மருந்துக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் ஒடுங்கி நின்றது அந்தப் பாத்திரக் கடை. கடை தம்பியுடையது. கல்லாவில் தம்பி மனைவி. வாசலைப் பார்த்தபடி, குக்கர் அடுக்கின் பக்கத்தில் ஒரு முக்காலியில் அக்கா. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு, வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பானேன் என்று தம்பிதான் கூட்டிவந்து அங்கே உட்கார வைத்தான். வந்த வாரமே கடைத்தெரு அவளுக்கு 'ஸ்பீக்கர்' என்று பெயர் வைத்துவிட்டது.

காரணம் இருந்தது. அவள் "வாங்க, வாங்க" என்று ஒரு தடவை கூப்பிட்டால் அடுக்கில் இருந்த எவர்சில்வர் தட்டுகள் எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். பக்கத்துக் கடைக்குத் தலைவலி மாத்திரை வாங்க வந்தவர்கள் மாத்திரையை மறந்து தோசைக்கல்லோடு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். ஒரு நாள், மதியச் சாப்பாட்டுக்குப் போன தம்பியை அவள் வாசலில் நின்று கூப்பிட, தெருமுனையில் போய்க்கொண்டிருந்த பேருந்து பிரேக் போட்டு நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து, "யாரும்மா நிறுத்தச் சொன்னது?" என்று கேட்டார். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை என்று தெரிந்ததும், வந்ததற்கு ஒரு வடிகட்டி வாங்கிக்கொண்டு போனார். பயணிகளும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பேர் மட்டும் இறங்கிக் கரண்டி பார்த்தார்கள்.

இப்படி ஒரு குரல் வீட்டிலேயே இருக்கும்போது, எல்லாக் கடைக்காரர்களும் போனில் வீடியோ போட ஆரம்பித்த காலத்தில் தம்பிக்கு ஆசை வராமல் இருக்குமா? குக்கர் அடுக்குக்கு முன்னால் அக்காவை நிறுத்தினான். தம்பி மனைவி போனைச் செங்குத்தாகப் பிடித்தாள். அக்கா பேசினாள். பழைய குக்கர் எதுவானாலும் சரி, கைப்பிடி உடைந்திருந்தாலும் சரி, கொண்டு வந்து கொடுத்தால் புதுக் குக்கர் பாதி விலை, ஞாயிற்றுக்கிழமை வரை. அதை அவள் சொன்ன விதத்தில், வாங்காமல் போனால் அது குக்கருக்கே அவமானம் என்பது போல இருந்தது.

வீடியோவை நிறையப் பேர் பார்த்தார்கள். கடைக்கு ஒருவரும் வரவில்லை. கடை ஈ ஓட்டியது.

விஷயம் தம்பி மனைவிக்குப் பேருந்தில் விளங்கியது. பக்கத்து இருக்கையில் இருந்த பெண் போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் அக்காவின் முகம் வந்தது. தம்பி மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை, தோளைத் தட்டி 'எங்க அண்ணிதான்' என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் முகம் போய்விட்டது. சத்தமே வரவில்லை. அந்தப் பெண்ணுக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு அம்மாள் குக்கரைப் பார்த்து வாயைப் பெரிதாகத் திறந்து திறந்து மூடினாள் என்பதுதான். பேருந்து முழுக்கப் போன்கள். ஒன்றிலும் சத்தம் இல்லை. கடைக்கு வந்ததும் வீடியோவுக்கு அடியில் வந்திருந்த கருத்துகளைப் படித்தாள். ஒருவர் கேட்டிருந்தார்: "இந்தம்மா ஏன் குக்கரைத் திட்டுது?"

தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அக்காவுக்கும் சிரிப்பு வந்தது.

"திட்டினா என்னடா? அது என்ன உன்னை மாதிரி பதில் பேசுதா?"

"அண்ணி, சத்தம் வைக்காம பாக்கறவங்களுக்கும் புரியற மாதிரி எழுத்து போடணும்," என்றாள் தம்பி மனைவி. "நீங்க பேசறது கீழ வரியா ஓடணும். ஆஃபர் மட்டும் தனியா, பெருசா நிக்கணும்."

"பேசறத எதுக்கு எழுதணும்? அதான் பேசறேனே!"

"பேசறீங்க. யாரும் கேக்கலியே."

அந்தச் சொல் அக்காவுக்குச் சுருக்கென்றது. ஆனால் வியாபாரம் என்று வந்துவிட்டால் அவள் கோபத்தை ஓரமாக வைத்துவிடுவாள்.

எழுத்து போடுவது அத்தனை சுலபமாக இல்லை. தம்பி மனைவி முதலில் வெள்ளை எழுத்து போட்டாள். பளபளக்கும் பாத்திரத்தின் மேல் வெள்ளை எழுத்து விழுந்ததும், பாலில் போட்ட சர்க்கரை மாதிரி காணாமல் போனது. பிறகு எழுத்துக்குப் பின்னால் கறுப்புப் பட்டை வைத்தாள். எழுத்து தெரிந்தது. ஆனால் தேதியைத் திரையின் அடிவாரத்தில் வைத்துவிட்டாள். போட்டு முடித்த பிறகுதான் தெரிந்தது, அந்த இடத்தில் கடைப் பெயரும் குறிப்பும் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பது. 'பழைய குக்கருக்குப் பாதி விலை' எல்லோருக்கும் தெரிந்தது. 'ஞாயிறு வரை மட்டும்' ஒருவருக்கும் தெரியவில்லை. திங்கட்கிழமை காலையில் ஷட்டரைத் தூக்கினால் வாசலில் கூட்டம். ஆளுக்கொரு கரிபிடித்த குக்கர். அதில் ஒன்று, கொண்டுவந்தவரைவிட மூத்தது என்று சத்தியம் செய்தார்கள்.

"நேத்தோட முடிஞ்சுதுங்க," என்றான் தம்பி.

"எங்கய்யா போட்டிருக்கு?" என்று கூட்டம் போனை நீட்டியது. அவன் பார்த்தான். போடவில்லை. போட்டது தெரியவில்லை. மென்று முழுங்கி, எல்லாக் குக்கரையும் வாங்கிக்கொண்டான். அன்று முழுக்கப் பெண்டாட்டியோடு பேசவில்லை. அக்காதான் நடுவில் நின்று, இவன் சொன்னதை அவளுக்கும் அவள் சொன்னதை இவனுக்கும், இரண்டடி தூரத்தில் இருந்தவர்களுக்கு, தட்டு அதிரச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு தம்பி மனைவி கைதேர்ந்துவிட்டாள். கீழே இடம் விட்டாள். வலது ஓரத்தில், பார்க்கிறவர்கள் தட்டுவதற்கான இதயமும் அம்பும் வந்து நிற்கும் இடத்தையும் விட்டாள். முதல் மூன்று நொடிக்குள் ஆஃபர் திரையில் விழுந்துவிட வேண்டும், அதற்குள் விழாவிட்டால் விரல் தள்ளிவிடும். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் கூடாது. குக்கரை எழுத்து மறைக்கக் கூடாது. நிதானமாக ஒருதரம் படித்து முடிக்கும்வரை எழுத்து நிற்க வேண்டும். மருந்துக் கடைக்காரரிடம் போனை எட்டப் பிடித்துக் காட்டி, "அண்ணே, என்ன ஆஃபர், எப்ப வரைக்கும், எங்க வரணும்?" என்று கேட்பாள். மூன்றுக்கும் அவர் சரியாகச் சொன்னால்தான் வீடியோ வெளியே போகும்.

அக்காவால்தான் ஒரு தொல்லை. அவள் பேசும் வேகத்துக்கு எழுத்து ஓடினால் படிக்கிறவனுக்கு மூச்சு முட்டும்.

"கொஞ்சம் மெதுவா, அண்ணி. படிக்கறவங்க மூச்சு விட வேண்டாமா?"

"நான் விடறனா பாரு!"

கடைசியில் பேச வேண்டியதை முதலிலேயே எழுதி, அதைப் பார்த்து அக்கா பேசுவது என்று முடிவானது. எழுதியதே எழுத்தாகத் திரையில் வந்தது. வியாபாரம் சூடு பிடித்தது. தம்பி ரொம்ப அக்கறையாகச் சொன்னான்: "இனிமே நீ கத்தவே வேணாங்க்கா. எழுத்து பேசிக்கும். நீ சும்மா வாயசைச்சாக்கூடப் போதும்."

அவன் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது என்று பிற்பாடு அவனே தலையில் அடித்துக்கொண்டான்.

மழைக்காலத்தில் அக்காவுக்குத் தொண்டை கட்டியது. மழைதானே என்றார்கள். வெயில் வந்தும் விடவில்லை. பாத்திரத் தூசு என்றார்கள். கஷாயம் குடித்தாள், வெந்நீரில் கொப்பளித்தாள், மருந்துக் கடைக்காரர் கொடுத்த இனிப்பு மாத்திரைகளைச் சப்பினாள். ஒரு நாள் சாப்பாடு இறங்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர் தம்பியை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். குரல்வளையையே எடுக்க வேண்டும். முன்னாலேயே வந்திருந்தால் வேறு வழி இருந்திருக்கலாம் என்றும் சொன்னார். அதை டாக்டர்கள் ஏன்தான் சொல்கிறார்களோ.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் நர்ஸ் வந்து, "உங்க குரல்ல ஏதாவது பதிவு பண்ணி வச்சுக்கணும்னா இப்ப வச்சுக்குங்கம்மா," என்றாள். தம்பிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுகையை மறைக்க எப்போதும் போல ஜம்பம் அடித்தான்: "எங்ககிட்ட இல்லாத பதிவா சிஸ்டர்? போன் முழுக்க எங்கக்கா குரல்தான்!" அக்காவும் தலையாட்டினாள். யாருக்கும் மேற்கொண்டு ஒன்றும் தோன்றவில்லை.

திரும்பி வந்தபோது கழுத்தின் அடியில் ஒரு துளை இருந்தது. மூச்சு அதன் வழியாகப் போய் வந்தது. அதை மூடி ஒரு மெல்லிய துணி. கழுத்தில் அழுத்திப் பேசுகிற சின்ன மெஷின் ஒன்றை டாக்டர் கொடுத்திருந்தார். அக்கா ஒரே ஒரு தடவை அதை வைத்து "வாங்க" என்றாள். டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு கோபப்பட்டது போல ஒரு சத்தம் வந்தது. அடுக்கில் ஒரு தட்டும் அசையவில்லை. அவள் மெஷினைக் கல்லா இழுப்பறையில் சில்லறைக்குப் பின்னால் தள்ளி மூடிவிட்டாள்.

தம்பி வேறொரு பெண்ணை வீடியோவில் பேச வைக்கலாமா என்று மெல்ல இழுத்தான். அக்கா போனை எடுத்துத் தட்டி அவன் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள்: 'வாயசைச்சா போதும்னு நீதானே சொன்ன?'

அப்படியே ஆயிற்று. கழுத்தில் நல்லதாக ஒரு துணி சுற்றிக்கொண்டு குக்கருக்கு முன்னால் நின்றாள். வாயசைத்தாள். எழுத்து ஓடியது. அடியில் ஏதோ ஒரு இசையைப் போட்டுவிட்டாள் தம்பி மனைவி. வீடியோ வெளியே போனது.

அக்கா அன்று முழுக்கப் போனும் கையுமாக இருந்தாள். ஏதோ ஒரு கருத்துக்காகக் காத்திருக்கிறாள் என்று தெரிந்தது, எதற்கென்று அவள் சொல்லவில்லை. 'விலை என்ன?' வந்தது. 'பார்சல் அனுப்புவீங்களா?' வந்தது. 'கழுத்துத் துணி சூப்பர், எங்க வாங்கினீங்க?' வந்தது. அதற்கு நிறையப் பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

சாயங்காலம் கூட்டம் அலைமோதியது. தம்பி வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்து, அக்காவுக்கு ஆறுதல் என்று நினைத்துக்கொண்டு சொன்னான்: "பாத்தியாக்கா? ஒருத்தனுக்கும் தெரியல! ஒருத்தன், ஒரே ஒருத்தன் கண்டுபிடிக்கல!"

அக்கா சிரித்தாள். சத்தம் இல்லாமல் சிரிப்பது அவளுக்கு இன்னும் பழகியிருக்கவில்லை. பேருந்தை நிறுத்திய குரல், தட்டை அதிர வைத்த குரல். அதை இத்தனை ஆயிரம் பேரில் ஒருவர்கூடக் கேட்டதில்லை. போனது கூடத் தெரியவில்லை என்றால், இருந்தது என்பதற்கு என்ன சாட்சி?

பிறகு வந்த ஒவ்வொரு வீடியோவுக்கும் அவள் கருத்துகளை ஒன்று விடாமல் படித்தாள். 'ஏன் பேசலை?' என்று ஒருவர் கேட்க வேண்டும். ஒரே ஒருவர். அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

ஒருநாள் மதியம். தம்பி குடோனுக்குப் போயிருந்தான், தம்பி மனைவி வங்கிக்கு. கடைப் போன் அடித்தது. அக்கா எடுத்திருக்கவே கூடாது. கை பழக்கத்தில் எடுத்துவிட்டது.

"பாத்திரக் கடைங்களா?" ஒரு ஆணின் குரல். வயதானது, சுத்தமானது, ஒவ்வொரு எழுத்தையும் துடைத்து வைக்கிற குரல். "நான் ஒரு ஆஸ்பத்திரியில டெலிபோன் ஆபரேட்டருங்க. எனக்குக் கண் தெரியாது. உங்க வீடியோவ விடாமக் கேப்பேன். கொஞ்ச நாளா வெறும் மியூசிக்தான் வருது. அந்தம்மா பேச்சக் காணோமே. நல்லா இருக்காங்களா?"

அக்கா போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். வாய் 'நான்தான், நான்தான்' என்றது. மூச்சுகூட அந்தப் பக்கம் போகவில்லை. மூச்சுதான் வாய் வழியாக வருவதில்லையே.

"ஹலோ? ஃபேன் ஓடறது கேக்குது... யாரோ இருக்கீங்க. மத்த கடைக்காரங்க வீடியோல எல்லாம் பாட்டு மட்டும்தாங்க வரும், எனக்கு ஒண்ணும் விளங்காது. அந்தம்மாதான் மூடி எந்தப் பக்கம் திரும்பும், விசிலுக்கு முன்னால எப்படிச் சீறும்னு எல்லாம் சொல்வாங்க. அத வச்சுத்தான் குக்கர் வாங்கி நானே சமைக்கறேன். ஹலோ?... லைன் சரியில்ல போல. மன்னிச்சுக்குங்க."

போன் ஓய்ந்தது.

தம்பி மனைவி திரும்பி வந்தபோது அக்கா முக்காலியில் இல்லை. குக்கர் அடுக்குக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தாள், ஆனால் முகம் விளக்கிவைத்த பாத்திரம் மாதிரி மின்னியது. போனில் எழுதி வைத்திருந்ததை நீட்டினாள்: 'ஒருத்தர் கேட்டுருக்கார்.'

முழுவதையும் தெரிந்துகொண்டு தம்பி மனைவி சொன்னாள்: "எழுதி அனுப்பிரலாம் அண்ணி. அவங்க போனே அத வாசிச்சுச் சொல்லும். நம்ம வீடியோ மேல போடற எழுத்துதான் அதுக்குத் தெரியாது. அது வெறும் படம். தனியா எழுதினா வாசிச்சிரும்."

அக்கா தலையை ஆட்டினாள். எழுதினாள்: 'என் குரல்ல.'

"எப்படி அண்ணி?"

'போன் முழுக்க என் குரல்தானே இருக்கு?'

இருவரும் கல்லா மேஜையில் மடிக்கணினியைத் திறந்தார்கள். அப்போதுதான் அந்த நர்ஸ் எதற்காகச் சொன்னாள் என்பது புரிந்தது. இருந்த குரல் எல்லாம் குக்கரைப் பற்றியது. 'நான்' என்று அக்கா எந்த வீடியோவிலும் சொல்லியிருக்கவில்லை. 'இருக்கேன்' இல்லை, 'இருக்கு' மட்டும் கிடைத்தது, அதுவும் 'ஸ்டாக் இருக்கு' என்பதில். 'நல்லா' என்பதை 'மூடி நல்லா இறுகும்' என்பதிலிருந்து வெட்டினார்கள். தம்பியின் பெயரைக்கூட அவள் ஒரு தடவையும் சொல்லியிருக்கவில்லை. வெட்டி ஒட்டி முடித்தபோது கிடைத்தது இவ்வளவுதான்:

"வணக்கம். நல்லா. இருக்கு. விசாரிச்சதுக்கு. ரொம்ப நன்றி."

"உண்மையச் சொல்ல வேணாமா?" என்றாள் தம்பி மனைவி. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அனுப்பு என்று கையைக் காட்டினாள்.

அனுப்பி, தேநீர் ஆறுவதற்குள் போன் அடித்தது. எழுத்து போடுகிற இரண்டு பேருக்கும் இது தோன்றவே இல்லை. குரல் அனுப்பினால் குரலோடு பேசத்தான் கூப்பிடுவார்கள். தம்பி மனைவி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா பக்கத்துல இருக்காங்களா?" என்றார் ஆபரேட்டர். "தப்பா எடுத்துக்காதீங்க. முப்பது வருஷமாக் காதுலதாங்க பொழப்பு. 'வணக்கம்' சொன்னப்ப பின்னால மழை பெய்யுது. 'நல்லா'வுக்கு யாரோ தட்டு அடுக்கறாங்க. 'நன்றி' சொன்னப்ப ஒரு வண்டி போகுது. ஒரே மூச்சுல சொன்னது இல்லீங்க இது. குரல்... போயிருச்சுங்களா? பேச முடியாதுன்னா ஏதாவது தட்டுங்கம்மா, புரிஞ்சுக்கறேன்."

அக்கா ஒரு குக்கர் மூடியை எடுத்து, அதன் மேல் கரண்டியால் ஒரு தடவை தட்டினாள்.

அந்தப் பக்கம் நெடிய மூச்சு கேட்டது.

"நினைச்சேன். போன மழைக்கு முன்னாலேயே குரல்ல ஒரு விரிசல் இருந்துச்சுங்க. ஒவ்வொரு வீடியோலயும் கொஞ்சம் கொஞ்சமா அகலமாச்சு. நடுவுல திடீர்னு சத்தம் கூடியிருந்துச்சு, சரியாயிருச்சோன்னு பாத்தேன். இல்ல, யாரோ மெஷின்ல ஏத்தி விட்டிருந்தாங்க. ஏத்தினா விரிசலும் சேந்துல்ல ஏறும்? டாக்டரப் பாக்கச் சொல்லுங்கன்னு கூப்பிடலாம்னு ரெண்டு தடவ போன எடுத்தேன். கூட இருக்கறவங்களுக்குக் கேக்காமலா இருக்கும், நாம யாருன்னு வச்சிட்டேன்."

கூட இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. கல்லாவில் உட்கார்ந்து பில் போட்டுக்கொண்டேதான் தம்பி மனைவி எல்லா வீடியோவையும் வெட்டினாள். வாடிக்கையாளர் பேசுவது காதில் விழ வேண்டுமே, அதனால் மடிக்கணினியில் சத்தம் வைப்பதே இல்லை. என்ன பேசினாள் என்பதுதான் எழுதியே இருக்கிறதே. திரையில் ஓடும் குரலின் அலையைக் கண்ணால் பார்த்து, மேடு வரும் இடத்தில் எழுத்தை வைப்பாள். மழைக்காலத்தில் அந்த அலை சிறுத்திருந்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. போன் தூரமாக இருந்திருக்கும் என்று நினைத்து, சுட்டியால் இழுத்து அலையை உயர்த்திவிட்டாள். மேடு அழகாக நிமிர்ந்து நின்றது.

போன் வைத்ததும் அவள் இழுப்பறையிலிருந்து இயர்போனை எடுத்தாள். ஒன்றைத் தன் காதில் மாட்டினாள். மற்றொன்றை அக்கா கேட்டு வாங்கிக்கொண்டாள். முதல் வீடியோவிலிருந்து வரிசையாகப் போட்டார்கள். வெண்கலம் மாதிரி இருந்த குரல் ஒவ்வொரு ஆஃபருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. உறுத்தலானது, மணலானது. கடைசியில் ஒரு கிழிந்த காகிதம் 'பாதி விலை, பாதி விலை' என்றது. மேலே எழுத்து மட்டும் முதல் நாள் போலவே, கறுப்புப் பட்டையில் பளிச்சென்று, ஒரு பிசிறில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"நான் கேக்கல அண்ணி," என்றாள் தம்பி மனைவி. "நான் ஒரு தடவகூட... அண்ணி, நான்..."

அக்கா அவள் கையிலிருந்து போனை வாங்கி எழுதினாள்: 'நானே கேக்கல. நீ எப்படிக் கேப்ப.' கொஞ்சம் யோசித்துக் கீழே இன்னொன்று சேர்த்தாள்: 'மூக்கைத் துடை. குக்கர்ல ஒழுகுது.'

அடுத்த வீடியோவுக்கான எழுத்தை அக்காவே எழுதிக் கொடுத்தாள். தம்பி படித்துவிட்டுப் பதறினான்.

"அக்கா, மொத மூணு நொடி ஆஃபருக்கு! இதப் போட்டா யார் நிப்பா? விரல் தள்ளிட்டுப் போயிரும்!"

"போகட்டும்," என்றாள் அவன் மனைவி. கல்லாவிலிருந்து அவள் அப்படி எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. தம்பி கையைப் பிசைந்துகொண்டு குடோனுக்குப் போய்விட்டான். அங்கே அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் அவன் என்ன செய்தான் என்பதை அந்தப் பெட்டிகள்தான் சொல்ல வேண்டும்.

இசை போடவில்லை. அக்கா நின்றாள், வாயை அசைக்கவில்லை. நெஞ்சுக்கு நேரே, இதயமும் அம்பும் மறைக்காத இடத்தில், கறுப்புப் பட்டையில் இரண்டு வரி:

'எனக்குக் குரல் போய்விட்டது.
முன்பெல்லாம் நான்தான் பேசினேன்.'

அது திரையில் நின்றது. ஒருதரம் படிக்கிற நேரம், பிறகு இன்னொரு தரம் படிக்கிற நேரம். அதற்குப் பிறகுதான் மூடியைக் காதருகே கொண்டுபோய்த் திருகிக் காட்டினாள். 'மூடி இறுகும் சத்தம்' என்று எழுத்து வந்தது. அடுப்பில் வைத்தாள். 'விசிலுக்கு முன் சீறும் சத்தம்.' விசில். அப்புறம் பழைய குக்கர், பாதி விலை, ஞாயிறு வரை. அத்தனையையும் வீடியோவுக்கு அடியில் குறிப்பாகவும் தட்டி வைத்தார்கள், ஒருவருடைய போன் வாசிக்கட்டும் என்று.

ஆபரேட்டர் அன்றே கூப்பிட்டார். "சீறல் நல்லா விழுந்திருக்கும்மா," என்றார். அக்கா மூடியைத் தட்டினாள். அதன் பிறகு வாரம் ஒருமுறை அவர் கூப்பிடுவார், பேசுவார், அவள் தட்டுவாள்.

கடைக்குக் கூட்டம் சுமாராகத்தான் வந்தது. கருத்துகள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. வழக்கம்போல விலை கேட்டார்கள், பார்சல் கேட்டார்கள். கழுத்துத் துணியைக் கேட்டவர் மட்டும் தன் பழைய கருத்தை அழித்திருந்தார். பிறகு ஒன்று வந்தது. 'இவ்வளவு நாள் சத்தம் வைக்காமத்தான் பாத்தேன்மா. இன்னிக்கு வச்சேன்.' அதே மாதிரி இன்னொன்று. இன்னொன்று. நானும், நானும் என்று அடியில் நீண்டுகொண்டே போனது. அந்தக் கடையின் வீடியோவை அத்தனை பேர் சத்தம் வைத்துக் கேட்டது அன்றைக்குத்தான்.

அக்கா முக்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். கழுத்துத் துணி மூச்சுக்கு மெல்ல ஏறி இறங்கியது. தெருமுனையில் பேருந்து ஒன்று நிற்காமல் போனது. அடுக்கில் தட்டுகள் அசையாமல் இருந்தன.

சொந்தக் காதால் கேட்டோம் என்று சத்தியம் செய்து இந்தக் கதையைச் சொன்னவர்களில் ஒருவர்கூட அந்தக் கடைக்குள் கால் வைத்ததில்லை, வீடியோவைச் சத்தம் வைத்துப் பார்த்ததும் இல்லை.